எடை மெஷினுக்குப் பயப்படுகிறவர்கள் கிரியேட்டின் தொடங்குவது எப்படி

முதல் தடவை நான் கிரியேட்டின் எடுத்தது ஒன்பது நாள்தான். ஜிம் டிரெய்னர் சொன்ன கணக்குப்படி முதல் வாரம் தினமும் 20 கிராம், நான்கு வேளையாகப் பிரித்து. எட்டாம் நாள் காலை மெஷினில் ஏறிப் பார்த்தேன். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. “அது தண்ணி வெயிட்தான் மேடம், பயப்படாதீங்க” என்றார் டிரெய்னர். அவர் சொன்னது உண்மைதான். எனக்கு அது மனதில் ஏறவில்லை. அன்று இரவு சாப்பிடவில்லை, மறுநாள் இரவும் சாப்பிடவில்லை. அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டுக் கூப்பிட்டபோது “ஆபீஸ்லயே சாப்பிட்டுட்டேம்மா” என்றேன். மூன்று வருடமாக நான் சொல்லாமல் இருந்த பொய் அது.

ஒன்றரை வருடம் கழித்து அதே பொடியை வேறு முறையில் தொடங்கினேன். இந்தத் தடவை சாப்பாடு கெடவில்லை. இரண்டு தடவைக்கும் நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஈட்டிங் டிஸார்டர் எனப்படும் உணவுக் கோளாறு முன்பு இருந்து, இப்போது ஓரளவு நிலைத்து, பளு தூக்கும் பயிற்சி செய்துகொண்டு, இந்தப் பொடியை எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுவது இது. என் எடை எவ்வளவு, எத்தனை கலோரி சாப்பிடுகிறேன் என்பதெல்லாம் இதில் வராது. அப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் நாம் உடனே நம்மோடு ஒப்பிடத் தொடங்கிவிடுவோம். எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பதை மட்டும் தேவையான இடத்தில் சொல்கிறேன். அதுவும் வேண்டாம் என்று தோன்றினால் ‘எட்டு வாரத்தில் நடந்தது’ என்ற பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

மெஷினில் ஏறுவது எது

கிரியேட்டின் நம் உடம்பிலேயே இருக்கும் பொருள். கல்லீரலும் சிறுநீரகமும் சேர்ந்து தினமும் ஏறக்குறைய ஒரு கிராம் செய்கின்றன. மீன், இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு உணவிலிருந்தும் கிட்டத்தட்ட அதே அளவு கிடைக்கிறது. சைவர்களுக்கு உணவிலிருந்து அநேகமாக ஒன்றும் கிடைப்பதில்லை. உடம்பில் உள்ள கிரியேட்டினில் ஏறத்தாழ 95 சதவீதம் தசையில் இருக்கிறது. கனமான எதையாவது தூக்கும்போது முதல் சில நொடிகளுக்குத் தேவையான சக்தியைச் சட்டென்று திரும்ப நிரப்பித் தருவது அதன் வேலை. எட்டுத் தடவை தூக்க முடிந்த இடத்தில் ஒன்பது, பத்து என்று கொஞ்சம் கூடுதலாக முடியும். அந்தக் கூடுதல் பயிற்சிதான் மாதக்கணக்கில் தசையாக மாறுகிறது.

தசை செல்லுக்குள் கிரியேட்டின் போகும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. ஊறவைத்த உளுந்து தண்ணீரைக் குடித்துப் பருப்பதைத் தினமும் பார்க்கிறோம். ஏறக்குறைய அப்படித்தான். மெஷினில் முதலில் ஏறுவது இந்தத் தண்ணீர்.

“தண்ணீர்தான்” என்று யாராவது சொன்னால் நமக்கு நம்பிக்கை வராது. அதனால் ஒரு சின்னக் கணக்கு. தினம் 3 கிராம் எடுத்தால் 28 நாளில் உள்ளே போவது மொத்தம் 84 கிராம் பொடி. அதிலும் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். தசையில் தங்குவது சராசரி உடம்பில் 20, 30 கிராம் அளவுதான். மெஷினில் முக்கால் கிலோ கூடினால் அந்த முக்கால் கிலோ பொடியிலிருந்து வந்திருக்க முடியாது. கொழுப்பாக மாறவும் இந்தப் பொடியில் ஒன்றும் இல்லை. மிச்சம் தண்ணீர் ஒன்றுதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் டிரெய்னர் சொன்னதை நான் நம்பினேன்.

நம்பியதால் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. நமக்குள் இருக்கும் பழைய குரல் எண்ணை மட்டும்தான் பார்க்கும், காரணத்தைப் பார்க்காது. அதனால் கீழே வரும் படிகள் பயத்தைப் போக்குவதற்காக அல்ல. பயம் வரும் நாளில் சாப்பாட்டைக் குறைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக.

இப்போது வேண்டாம் என்று சொல்லவேண்டியவர்கள்

வேளைச் சாப்பாட்டை அடிக்கடி தவிர்க்கிறீர்கள், சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறீர்கள், பேதி மாத்திரை எடுக்கிறீர்கள், சாப்பிட்டதற்குத் தண்டனையாக உடற்பயிற்சி செய்கிறீர்கள் என்றால் இப்போது கிரியேட்டின் வேண்டாம். வாந்தியும் பேதியும் உடம்பின் நீரையும் பொட்டாசியத்தையும் குறைத்துச் சிறுநீரகத்தைச் சிரமப்படுத்துகின்றன. அந்த நேரத்தில் இந்தப் பொடி தேவையில்லாத ஒரு சிக்கல்.

எடையை மீட்கும் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். அங்கே காரணம் வேறு. உங்கள் எடை அங்கே ஒரு மருத்துவ அளவுகோல். வாராவாரம் ஏறும் எண்ணைப் பார்த்துத்தான் உணவுத் திட்டத்தை மாற்றுகிறார்கள். நீங்கள் சொல்லாமல் பொடி எடுத்தால், தண்ணீரால் ஏறிய ஒரு கிலோவை உடம்பு மீண்டதாக அவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். கூட்டவேண்டிய உணவு கூடாமல் நின்றுவிடும்.

வாந்தி அல்லது பேதி மாத்திரையைச் சில வாரம் முன்புதான் நிறுத்தியவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிறுத்தியதும் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கால், முகம் வீங்கும், மெஷினில் எண் வேகமாக ஏறும், சில வாரத்தில் தானே வடியும். அந்த வீக்கத்தின் மேல் கிரியேட்டின் தண்ணீரும் சேர்ந்தால் எது எதனால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பல பேர் பழைய வழிக்குத் திரும்புவது இந்த வாரங்களில்தான். அது வடிந்து, சில மாதம் ஓடட்டும்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள், பைபோலார் சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இதில் எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இந்தப் பொடி எதற்கு? “பளு தூக்குவதில் முன்னேறணும்” என்பது ஒரு பதில். “எனக்குப் போதுமான தசையே இல்லை, கண்ணாடியில் ஒல்லியாகவே தெரிகிறேன்” என்று தினமும் நினைப்பது வேறு. அதுவும் உணவுக் கோளாறுக்கு நெருங்கிய உறவுதான். 1990-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் அவருடன் வேலை செய்தவர்களும் உடற்கட்டு வீரர்களிடம் பார்த்து எழுதியது அதைத்தான். முக்கியமாக ஆண்களுக்குச் சொல்கிறேன். மெலியவேண்டும் என்ற பிடிவாதம் பெரிதாகவேண்டும் என்ற பிடிவாதமாக மாறியிருந்தால், சுற்றி இருப்பவர்கள் கைதட்டுவார்கள், நோய் அப்படியே இருக்கும்.

படி 1: சொல்லவேண்டியவர்களிடம் சொல்லி, ஒரு ரத்தப் பரிசோதனை

பொடி வாங்குவதற்கு முன் உங்களைப் பார்க்கும் மருத்துவர், மனநல மருத்துவர், டயட்டீஷியன் ஆகியோரில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். அவர்கள் சம்மதித்தால், தொடங்கும் முன்பே கிட்னிக்கான ரத்தப் பரிசோதனையும் பொட்டாசியம் முதலான உப்புகளின் அளவும் பார்த்து வைப்பது நல்லது.

காரணம் ஒரு பெயர்க் குழப்பம். லேப் ரிப்போர்ட்டில் வருவது கிரியேட்டினின். கிரியேட்டின் உடைந்தால் கிடைப்பது கிரியேட்டினின். பொடி எடுக்கிறவர்களுக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் ரிப்போர்ட்டில் அந்த அளவு கொஞ்சம் கூடித் தெரியலாம். விஷயம் தெரியாத மருத்துவர் பயந்துபோவார், நீங்களும் பயந்துபோவீர்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு மறுபக்கமும் உண்டு. பட்டினியால் தசை குறைந்தவர்களுக்குக் கிரியேட்டினின் இயல்பாகவே குறைவாக இருக்கும். அவர்களுக்கு ‘நார்மல்’ என்று அச்சாகி வரும் எண்ணுக்குப் பின்னால் சிறுநீரகச் சிரமம் ஒளிந்திருக்கலாம். அதனால் பழைய நோய்க்கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு பரிசோதனையை மருத்துவர் எழுதித் தருவார். அது தசை அளவையோ இந்தப் பொடியையோ பெரிதாகச் சார்ந்ததல்ல.

படி 2: மெஷினை என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்தல்

எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிடவேண்டிய படி இது. முதல் தடவை நான் பொடியைப் பற்றி ஒரு வாரம் படித்தேன், மெஷினைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இரண்டாம் தடவை பொடி வருவதற்கு இரண்டு வாரம் முன்பே என் தங்கை மெஷினை அவள் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, தொடங்கியதிலிருந்து எட்டு வாரம் எடையே பார்க்காமல் இருப்பது. வேறு மருத்துவக் காரணம் இல்லாவிட்டால் எனக்குப் பிடித்தது இதுதான். மெஷினைப் பரணில் போட்டால் போதாது. ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கத் தெரிந்தவர்கள் நாம். அது வீட்டை விட்டே போகவேண்டும். ஜிம்மில் இருக்கும் மெஷின், மருந்துக்கடை வாசலில் இருக்கும் மெஷின் இரண்டையும் கணக்கில் சேர்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, எண் உங்கள் கண்ணில் படாமல் எடை பார்ப்பது. டயட்டீஷியனோ செவிலியரோ பார்க்க, நீங்கள் திரும்பி நிற்பீர்கள். எடையைக் கண்காணித்தே ஆகவேண்டியவர்களுக்கு இது பொருந்தும். அவர்கள் முகத்தில் எதுவும் தெரியக்கூடாது, “பரவாயில்லையே” என்று வாயில் வரக்கூடாது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தெரியாமல் இருப்பதே தாங்க முடியாதவர்களுக்கு. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய உணவுக் கோளாறுக்கான பேச்சு சிகிச்சையில் வாரம் ஒரே ஒரு தடவை, சிகிச்சையாளரோடு உட்கார்ந்து எடை பார்ப்பார்கள். தனித்த ஒரு எண்ணுக்கு அங்கே அர்த்தம் சொல்வதில்லை. பல வாரத்து எண்கள் சேர்ந்த பிறகுதான் எந்தப் பக்கம் போகிறது என்று பேசுவார்கள். உங்களுக்கு ஒரு சிகிச்சையாளர் இருந்தால் இந்த வழியை அவரோடு செய்யுங்கள். தனியாகச் செய்தால் வாரம் ஒன்று, இரண்டு நாளுக்கு ஒன்றாகி, காலையும் மாலையும் ஆகிவிடும்.

ஜிம்மில் கைப்பிடியைப் பிடித்து நின்றால் கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு என்று அச்சடித்துத் தரும் மெஷினுக்கும் இதே விதிதான். அது உடம்பில் மின்சாரம் ஓடும் விதத்தை வைத்துத் தண்ணீரை ஊகித்து மற்றதைக் கணக்கிடுகிறது. தண்ணீர் மாறும் வாரங்களில் அது சொல்வதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. “தசை கூடியிருக்கு மேடம்” என்ற நல்ல செய்தியும் ஒரு எண்தான், அடுத்த மாதம் அது இறங்கும்.

எந்த வழி என்று முடிவானதும் ஒரு தாளில் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். என் தாளில் இருந்தது நான்கு வரி. எட்டு வாரம் எண் பார்க்க மாட்டேன். சாப்பாட்டைக் குறைக்கவேண்டும் என்று தோன்றினால் அன்றே தங்கையிடம் சொல்வேன். ஒரு வேளை சாப்பாட்டைத் தவிர்த்தால் பொடியை நிறுத்துவேன், சாப்பாட்டைத் தொடர்வேன். நிறுத்தினாலும் ஆறு வாரம் எண் பார்க்க மாட்டேன். கடைசி வரிக்கான காரணம் பின்னால் வருகிறது.

படி 3: லோடிங் இல்லாமல், தினம் 3 கிராம்

முதல் வாரம் மட்டும் அதிகமாக எடுப்பதைத்தான் லோடிங் என்கிறார்கள். அந்த 20 கிராம் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அது நமக்குத் தேவையில்லை என்பதும் தெரியும். 1996-இல் எரிக் ஹல்ட்மேனும் குழுவினரும் இரண்டு முறையையும் ஒப்பிட்டார்கள். ஆறு நாள் தினமும் 20 கிராம் எடுத்தவர்களின் தசையில் சேர்ந்த அளவும், 28 நாள் தினமும் 3 கிராம் எடுத்தவர்களின் தசையில் சேர்ந்த அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். போய்ச் சேரும் இடம் ஒன்று, ஒரு வழி ஆறு நாள், இன்னொரு வழி நான்கு வாரம். அடுத்த வாரம் போட்டி இருக்கும் விளையாட்டு வீரருக்கு ஆறு நாள் வேண்டும். நமக்கு எதற்கு அவசரம்?

நான்கு வாரமாகப் பரவும்போது தண்ணீரும் மெதுவாகச் சேர்கிறது. ஒரு வாரத்தில் ஒன்றரைக் கிலோ ஏறினால் உடை இறுகுவதுபோலத் தோன்றும், அல்லது தோன்றுவதாக நினைப்போம். நான்கு வாரத்தில் அதைவிடக் குறைவாக ஏறினால், கல்யாண விருந்துக்கு மறுநாள் ஏறும் எடையிலும் மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஏறும் எடையிலும் அது கரைந்து போய்விடும்.

20 கிராமில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதிக அளவு ஒரே நாளில் போனால் சிலருக்கு வயிறு கலங்கும், பேதியாகும். எனக்கு மூன்றாம் நாள் ஆனது. மற்றவர்களுக்கு அது வெறும் வயிற்றுப்போக்கு. முன்பு பேதி மாத்திரை எடுத்த எனக்கு, அந்தக் காலியான உணர்வு பழைய நிம்மதி ஒன்றை ஞாபகப்படுத்தியது. எடை ஏறியதைவிட அதுதான் ஆபத்தாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

வாங்கும்போது வெறும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் மட்டும் வாங்குங்கள். வேறு பொருள் கலந்தது, கொழுப்பைக் கரைக்கும் என்று எழுதியிருப்பது, பயிற்சிக்கு முன் குடிக்கும் கலவைப் பொடி எதுவும் வேண்டாம். டப்பாவில் உடம்புப் படம் இல்லாததாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. கிடைக்காவிட்டால் பொடியை ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைத்துவிட்டு, வாங்கிய டப்பாவைத் தூக்கிப் போடுங்கள்.

டப்பாவுக்குள் ஒரு ஸ்கூப் இருக்கும். அது 3 கிராமா 5 கிராமா என்று லேபிளில் பார்த்துவிட்டு அதிலேயே அளந்துகொள்ளுங்கள். 5 கிராம் ஸ்கூப் என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலே. சமையலறைத் தராசை மட்டும் இதற்காக வெளியே எடுக்கவேண்டாம். முன்னே பின்னே ஒரு கிராம் போனால் இங்கே ஒன்றும் ஆகாது. தராசு திரும்ப மேடைக்கு வந்தால் சோறும் அதில் ஏறிவிடும்.

படி 4: சாப்பாட்டோடு மட்டும்

எந்த நேரத்தில் எடுத்தாலும் பலன் ஒன்றுதான். ஆனால் நமக்கு நேரம் முக்கியம், ஏனென்றால் இது ஒரு வேளைச் சாப்பாட்டோடு ஒட்டியே இருக்கவேண்டும். நான் காலை இட்லி, தோசையோடு எடுக்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகக் கரையும். மோரிலோ பாலிலோ கலக்கலாம். அடியில் கொஞ்சம் மணல்போல நின்றால் இன்னும் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றிக் குடித்துவிடுங்கள். கலக்கி வைத்துவிட்டு மறுநாள் குடிக்கவேண்டாம், தண்ணீரில் கிடந்தால் அது மெல்லக் கெட்டுப்போகும்.

விதி ஒன்றுதான்: அந்த வேளை சாப்பாடு இல்லை என்றால் அந்த வேளை பொடியும் இல்லை. வெறும் தம்ளர் ஒருநாளும் காலை உணவாகக் கூடாது. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டு ஸ்கூப் போடத் தேவையில்லை. தசையில் இருப்பது ஒரே நாளில் வடிந்துவிடாது.

தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். “கிரியேட்டின் எடுத்தால் நான்கைந்து லிட்டர் குடிக்கணும்” என்று ஜிம்மில் சொல்வார்கள். பசியை அடக்கத் தண்ணீர் குடித்துப் பழகியவர்களுக்கு அது நல்ல யோசனை இல்லை.

எட்டு வாரத்தில் நடந்தது

இரண்டாம் தடவை என் டயட்டீஷியன் வாரம் ஒரு நாள் நான் பார்க்காமல் எடை பார்த்துக் குறித்துவந்தார். எட்டாம் வாரம் முடிந்த பிறகு, கேட்க விரும்புகிறேன் என்று நானே சொன்னதால், கூடியது குறைந்ததை மட்டும் சொன்னார்.

முதல் வாரம் 200 கிராம் கூடியிருந்தது. இரண்டாம் வாரம் தொடக்கத்தைவிட அரைக் கிலோ கூடுதல். மூன்றாம் வாரம் அது 300 கிராமாக இறங்கியிருந்தது. பொடி நின்றதா என்றால் இல்லை, ஒரு நாள்கூட விடவில்லை. நான்காம் வாரம் 800 கிராம். ஐந்தாம் வாரம் 1.6 கிலோ. ஆறாம் வாரம் திரும்ப 700 கிராம். அப்புறம் எட்டாம் வாரம் வரை அந்த இடத்தைச் சுற்றியே இருந்தது.

அந்த ஐந்தாம் வாரத்தை யோசித்துப் பாருங்கள். எடை பார்த்ததற்கு இரண்டு நாள் கழித்து எனக்கு மாதவிடாய் வந்தது. எடை பார்த்ததற்கு முந்தைய நாள் ஒரு கிரகப்பிரவேசத்தில் அப்பளம், ஊறுகாய், பாயசத்தோடு விருந்து. நான்கு வாரம் கிரியேட்டின் எடுத்துக் கூடிய அளவுக்கு, ஒரு விருந்தும் மாதச் சுழற்சியும் சேர்ந்து ஒரே வாரத்தில் கூட்டிவிட்டன. அன்று காலை நான் மெஷினில் ஏறியிருந்தால் பழியைப் பொடி மேல் போட்டு, இரவுச் சாப்பாட்டை விட்டிருப்பேன். மூன்றாம் வாரம் ஏறியிருந்தால் “குறைந்திருக்கிறது” என்று மகிழ்ந்திருப்பேன். இரண்டும் பொய்யாக இருந்திருக்கும்.

வேலை செய்கிறதா என்பதை வேறு ஒன்றில் பார்த்தோம். ஒரே ஒரு பயிற்சி, மார்போடு டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது. அதே 12 கிலோவில் முதல் வாரம் எட்டுத் தடவை முடிந்தது, ஆறாம் வாரம் பதினொன்று. இதில் பொடியின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. நான் சைவம் என்பதால் பலன் கொஞ்சம் நன்றாகவே தெரியும் என்று டயட்டீஷியன் முன்பே சொல்லியிருந்தார், தொடக்க இருப்பு குறைவு என்பதால். சிலருக்கு எந்த மாற்றமும் தெரியாது. எல்லாப் பயிற்சியையும் நோட்டுப் போட்டுக் குறிக்கவேண்டாம். ஒரு எண்ணை விட்டு இன்னொரு எண்ணைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு.

தப்பாகப் போகிறது என்று எப்படித் தெரியும்

உடம்பில் தெரிபவை கொஞ்சம்தான். முதல் வாரம் லேசான வயிற்று உப்புசம் வரலாம். 3 கிராமையும் இரண்டாகப் பிரித்து இரண்டு வேளைச் சாப்பாட்டோடு எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கணுக்கால் வீங்கி, கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றால் அது இந்தப் பொடியின் வழக்கமான வேலை அல்ல. பொடியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். படபடப்பு, மயக்கம், சிறுநீர் மிகவும் குறைவது ஆகியவற்றுக்கும் அப்படித்தான்.

முடி கொட்டுமே என்று பலர் கேட்கிறார்கள். 2009-இல் தென்னாப்பிரிக்க ரக்பி வீரர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், முடி கொட்டுவதோடு தொடர்புள்ள ஒரு ஹார்மோன் கூடியதாகப் பார்த்தார்கள். அவர்கள் முடியை அளக்கவில்லை. நம் போன்றவர்களுக்கு முடி கொட்டினால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, கடந்த இரண்டு மூன்று மாதமாகச் சாப்பாடு சரியாக இருந்ததா என்பது.

மனதில் தெரிபவைதான் சீக்கிரம் வரும். கண்ணாடி முன் வயிற்றைப் பிடித்துப் பார்ப்பது கூடுகிறது. மோதிரம் இறுகுகிறதா என்று மணிக்கொரு தடவை சுழற்றிப் பார்க்கிறீர்கள். பழைய ஜீன்ஸைச் சோதனைக்காகப் போட்டுப் பார்க்கிறீர்கள். ரசம் சாதத்தில் உப்பு வேண்டாம் என்கிறீர்கள், காரணம் கேட்டால் “பிபி” என்கிறீர்கள். நடைப்பயிற்சி பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று நீள்கிறது. இவற்றில் ஏதாவது ஒன்று மூன்று நாள் தொடர்ந்தால் தாளைக் கொடுத்து வைத்தவரிடம் சொல்லுங்கள். ஒரு வேளைச் சாப்பாடு வேண்டுமென்றே தவறினால் காத்திருக்கவேண்டாம், பொடி அன்றோடு நிற்கட்டும். பேச யாரும் இல்லாத நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழைக்கலாம். இந்திய அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசுவார்கள்.

நிறுத்தும்போது

நிறுத்துவதற்குப் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை, ஒரே நாளில் விடலாம். தசையில் கூடியிருந்தது நான்கு முதல் ஆறு வாரத்தில் மெல்ல வடிந்து பழைய நிலைக்கு வரும். கூடவே வந்த தண்ணீரும் போகும். மெஷினில் எண் இறங்கும்.

அந்த இறக்கத்தைத்தான் நான் ஏற்றத்தைவிட அதிகமாகப் பயப்படச் சொல்கிறேன். முதல் தடவை பொடியை நிறுத்திய பிறகு எனக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறங்கியது. இரவுச் சாப்பாட்டை விட்டதற்கு அது பரிசு என்று என் மனம் எடுத்துக்கொண்டது. உண்மையில் சாப்பிட்டிருந்தாலும் அந்தத் தண்ணீர் போயிருக்கும். ஆனால் “சாப்பிடாமல் இருந்தேன், குறைந்தது” என்ற பழைய பாடத்தை அது திரும்பச் சொல்லிக் கொடுத்துவிட்டது, அதை மறக்க எனக்கு மாதக்கணக்கில் ஆனது. சிலர் இதைக் கண்டுபிடித்துவிட்டு, கல்யாணம், பயணம் என்று வரும்போதெல்லாம் பொடியை நிறுத்தி எண்ணை இறக்கிக் காட்டுகிறார்கள், பிறகு திரும்ப எடுக்கிறார்கள். அப்போது அது பயிற்சிக்கான பொடியாக இல்லை, பேதி மாத்திரையின் இடத்துக்கு வந்துவிட்டது.

அதனால்தான் என் தாளின் கடைசி வரி: நிறுத்தினாலும் ஆறு வாரம் எண் பார்க்க மாட்டேன். நிறுத்திய தேதியைத் தங்கையிடம் சொன்னேன். அவள் அதை அவள் வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு, ஆறு வாரம் தள்ளி இன்னொரு வட்டம் போட்டாள். அந்த இரண்டாவது வட்டம் வந்த அன்று “மெஷின் வேணுமாக்கா?” என்று கேட்டாள். அங்கேயே இருக்கட்டும் என்றேன்.